காற்றே இல்லாத இரவில் ஒரு மூடுபனி, காற்றோடு வரும் இன்னொரு மூடுபனி

கேள்வி: ஐந்து வருடம் டெல்லியில் இருந்தேன். அங்கே ஜனவரியில் காற்று அசையாத இரவில்தான் மூடுபனி இறங்கும், காற்று கிளம்பினால் கலைந்துவிடும். இப்போது சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறேன். இங்கே ஜூலை மாதத்தில், நல்ல காற்று அடிக்கும்போதே மூடுபனி உள்ளே வருகிறது. இரண்டும் ஒன்றுதானா? ரேடியேஷன் ஃபாக், அட்வெக்ஷன் ஃபாக் என்று சொல்கிறார்களே, எந்த வானிலையில் எது வரும்?

பதில்:

ஒன்றல்ல. பார்க்க ஒரே ஜாடைதான், பிறந்த விதம் வேறு. டெல்லியில் காற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது, அதன் காலடியில் இருக்கும் தரை இரவில் குளிர்ந்து காற்றையும் குளிர வைக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் கடல் ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கிறது, ஈரக்காற்று எங்கிருந்தோ வந்து அதன்மேல் ஏறுகிறது. முதல் வகை கதிர்வீச்சு மூடுபனி. இரண்டாவது அட்வெக்ஷன் மூடுபனி. காற்று தன் வெப்பத்தையும் ஈரத்தையும் சுமந்துகொண்டு கிடைமட்டமாக இடம்பெயர்வதைத்தான் அட்வெக்ஷன் என்கிறோம். நீங்கள் கவனித்த காற்று வித்தியாசம் தற்செயலானது அல்ல. இரண்டையும் பிரித்துக் காட்டும் முதல் அடையாளமே அதுதான்.

டெல்லியில் சில குளிர்காலங்கள் ஓடுபாதைப் பக்கம் இரவுப் பணி பார்த்தவன் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டெல்லியின் கெட்டியான மூடுபனி பெரும்பாலும் ஒரு மழைக்குப் பிறகு வரும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் மழை மண்டலங்களை அங்கே 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்பார்கள். அப்படி ஒன்று வந்து லேசாகத் தூறிவிட்டுக் கிழக்கே நகர்ந்துபோகும். பின்னாலேயே உயர் அழுத்தம் வந்து உட்காரும். வானம் துடைத்துவிட்டது போல ஆகும், காற்று அடங்கும், மண்ணில் மட்டும் ஈரம் மிஞ்சியிருக்கும். அந்தப் பருவத்தில் பஞ்சாப், ஹரியானா முழுக்கக் கோதுமை வயல்களில் நீர் பாய்ந்துகொண்டிருப்பதால் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இரவு பதினான்கு மணி நேரத்துக்கு நெருக்கமாக நீளும். கதிர்வீச்சு மூடுபனிக்கு வேண்டிய எல்லாம் அங்கே ஒன்றாகக் கூடிவிடுகிறது: தெளிந்த வானம், நீண்ட இரவு, தரையை ஒட்டி ஈரம், பலமில்லாத காற்று.

பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவில் அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும், போர்வை போர்த்தியது போல. மேகம் இல்லையென்றால் போனது போனதுதான். தரை முதலில் குளிர்கிறது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அடுத்துக் குளிர்கிறது. நூறு, இருநூறு மீட்டர் மேலே இருக்கும் காற்றுக்கு இந்தச் செய்தியே போய்ச் சேர்வதில்லை. அதனால் கீழே 9 டிகிரி, மேலே 14 டிகிரி என்று தலைகீழான நிலை உருவாகும். கனமான குளிர்காற்று கீழே, லேசான வெப்பக்காற்று மேலே. பாத்திரத்துக்கு மூடி போட்டது போலக் கீழே இருக்கும் ஈரமும் புகையும் அங்கேயே அடைபடும்.

ஒரு மாதிரி இரவை எடுத்துக்கொள்வோம். மாலை ஐந்தரை மணிக்கு வெப்பநிலை 17, பனிப்புள்ளி 11. பனிப்புள்ளி என்பது காற்று எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் அதிலுள்ள ஈரம் நீராக மாறத் தொடங்குமோ, அந்த அளவு. அதன்பின் அந்த இரவின் விமான வானிலை அறிக்கைகள் ஏறக்குறைய இப்படி இருக்கும் (புரிவதற்காக நான் எழுதிய மாதிரி, குறிப்பிட்ட ஒரு நாளுடையது அல்ல):

```
VIDP 101430Z 28004KT 2000 BR NSC 12/10 Q1018
VIDP 101930Z 00000KT 0400 FG NSC 09/09 Q1018
VIDP 102330Z 27002KT 0050 FG VV001 08/08 Q1017
```

VIDP டெல்லி விமான நிலையத்தின் குறியீடு, Z என்பது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் முதல் வரி இரவு 8 மணி, இரண்டாவது நள்ளிரவு தாண்டி 1 மணி, மூன்றாவது காலை 5 மணி. காற்றின் திசைக்குப் பின்னால் வரும் 04, 00, 02 ஆகியவை நாட் கணக்கில் வேகம். அடுத்து வருவது எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. 1000 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் FG, அதாவது மூடுபனி. அதற்கு மேலே 5000 வரை இருப்பது BR, வெறும் பனிமூட்டம். 12/10 போன்ற ஜோடியில் முதல் எண் வெப்பநிலை, அடுத்தது பனிப்புள்ளி. இரண்டும் நெருங்கி நெருங்கி 09/09 என்று ஒட்டிக்கொள்வதைப் பாருங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, பனிப்புள்ளியும் கூடவே இறங்குகிறது என்பது. 11-இல் தொடங்கி 8-க்கு வந்துவிட்டது. பனிப்புள்ளி 11 என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 10 கிராம் நீராவி இருக்கிறது என்று பொருள். 8 என்றால் சுமார் 8.3 கிராம். மீதி 1.7 கிராம் எங்கே போனது? கெட்டியான மூடுபனியிலேயே கன மீட்டருக்குப் பெரும்பாலும் கால் கிராம் போலத்தான் நீர்த்துளி மிதக்கும். மிச்சமெல்லாம் புல்லிலும் கார்க் கூரையிலும் பனித்துளியாக இறங்கிவிட்டது. எதிரே வரும் லாரியை மறைப்பது அந்தக் கால் கிராம்தான். அது கோடிக்கணக்கான நுண்துளிகளாகப் பிரிந்து நிற்பதால் அத்தனை பலம்.

இங்கே உங்கள் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். டெல்லியில் காற்றே இல்லாதபோதுதான் மூடுபனி வரும் என்கிறீர்கள். காற்று அறவே நின்றுபோனால் குளிர்ச்சி தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும். ஈரமெல்லாம் பனித்துளியாகப் புல்லில் இறங்கும், மூடுபனி வராமலே விடிந்துவிடும். காற்று ஆறேழு நாட் வேகத்துக்கு மேல் போனாலோ, மேலிருக்கும் வெப்பமான உலர்காற்று கீழே கலந்து காரியத்தைக் கெடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே, கன்னத்தில் பட்டும் படாமலும் தெரியும் இரண்டு மூன்று நாட் அசைவு வேண்டும். அது குளிரைத் தரையிலிருந்து பத்து இருபது மீட்டர் உயரத்துக்குக் கலக்கிவிடும். ஓடுபாதை ஓரத்தில் நிற்கும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெண்படலம் புல்வெளியில் பரவும். தலைக்கு மேலே நட்சத்திரம் தெளிவாகத் தெரியும், கீழே ஷூ தெரியாது. லேசாக ஒரு அசைவு வரும். படலம் இடுப்புக்கு ஏறும். அப்புறம் ஓடுபாதை விளக்குகள் தூரத்தில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக மறையத் தொடங்கும்.

அந்தப் படலம் தலைக்கு மேல் பல மீட்டர் வளர்ந்ததும் ஆட்டத்தின் விதி மாறுகிறது. இனி தரைக்கு வானம் தெரியாது. வெப்பத்தை விண்ணுக்கு விடும் வேலையை மூடுபனியின் மேற்பரப்பே எடுத்துக்கொள்கிறது. குளிர்ச்சி இப்போது மேலிருந்து கீழே இறங்கி மூடுபனிக்குள் கலக்கும், மண்ணுக்குள் மிஞ்சியிருக்கும் வெப்பம் கீழிருந்து ஏறும். மாதிரி அறிக்கையில் 8 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் 3 டிகிரி இறங்கிய வெப்பநிலை, அடுத்த நான்கு மணி நேரத்தில் ஒரே ஒரு டிகிரிதான் இறங்கியிருக்கிறது. சில இரவுகளில் இந்தக் கட்டத்தில் அது அரை டிகிரி ஏறவும் செய்யும். வெப்பநிலை இறங்குவது நின்று, பார்வைத் தூரம் மட்டும் குறைந்துகொண்டே போனால், மூடுபனி ஆழமாகிவிட்டது, விடிந்தவுடன் கலையாது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான கைக்கணக்கு வேறில்லை.

சூரியன் வந்ததும் கலைந்துவிடும் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் ஏமாற்றும். உதயத்துக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் மூடுபனி இன்னும் கெட்டியாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புல்லில் இருக்கும் பனித்துளி ஆவியாகி மீண்டும் காற்றில் சேருவதும், லேசான கலக்கம் தொடங்குவதும் அதற்குக் காரணம். பிறகுதான் மூடுபனியை ஊடுருவிய வெயில் தரையைச் சூடாக்கி, அடியிலிருந்து அதை அரிக்கும். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பஞ்சாபிலிருந்து பிகார் வரை வெள்ளைத் துணி விரித்தது போல இருப்பது, ஓரங்களில் தொடங்கி உள்நோக்கிச் சுருங்கும். ஓரத்தில் அது மெல்லிது, வெயில் சுலபமாகத் தரையைத் தொடுகிறது. நடுவில் இருப்பவர்களுக்கு மதியம்வரை விடியாது.

டெல்லியில் புகையும் சேர்ந்துகொள்வதால் நிலைமை மோசமாகிறது. தூசும் புகைத்துகளும் அதிகமாக இருந்தால் அதே கால் கிராம் நீர், அதிகமான எண்ணிக்கையில் சிறுசிறு துளிகளாகப் பிரியும். நீரின் அளவு மாறாமலே பார்வைத் தூரம் குறையும், சிறிய துளிகள் சீக்கிரம் கீழே விழுவதும் இல்லை. இதையெல்லாம் அளந்து பார்க்கத்தான் புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2015 குளிர்காலத்தில் டெல்லி விமான நிலையத்திலேயே WIFEX என்ற ஆய்வைத் தொடங்கியது.

இந்த மூடுபனியை முடித்துவைப்பது வெயிலும் காற்றும் மட்டுமல்ல, மேகமும்தான். நடு இரவில் மேலே ஒரு மேகப் படலம் வந்து நின்றால், மூடுபனி வெப்பத்தை விண்ணுக்கு விட முடியாமல் மெல்ல இளைத்துவிடும். அடுத்த மழை மண்டலம் நெருங்கும் நாளில் டெல்லி திடீரெனத் தெளிவது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, இப்போது உங்கள் ஊருக்கு வருவோம்.

கோடையில் கலிபோர்னியாவுக்கு மேற்கே பசிபிக் கடலின்மேல் ஒரு பெரிய உயர் அழுத்தம் உட்கார்ந்திருக்கும். அதன் கிழக்கு ஓரத்தில் காற்று வடமேற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும். பூமி சுழல்வதால் இந்தக் காற்று கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கி வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதனால் ஜூலையிலும் கரையோரக் கடல் 11, 12 டிகிரியில் நிற்கும். கரையிலிருந்து வெகுதூரம் போனால்தான் நீர் வெதுவெதுப்பாகும்.

அந்த வெளிக்கடலில் இருந்த காற்று, சொல்லப்போனால் 17 டிகிரியும் 14 பனிப்புள்ளியுமாகக் கிளம்பிக் கரையை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 டிகிரி நீரின்மேல் வந்ததும் அடியிலிருந்து குளிரத் தொடங்கும். தன் பனிப்புள்ளியைத் தாண்டி இறங்கும்போது சுமந்துவந்த ஈரம் துளிகளாகும். இதற்கு இரவு தேவையில்லை, தெளிந்த வானம் தேவையில்லை. காற்று நிற்கவும் கூடாது, ஏனென்றால் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதே அதுதான். கடலில் இந்த வகைக்குக் கணக்கு ஒன்றே ஒன்று: வரும் காற்றின் பனிப்புள்ளி, கீழே இருக்கும் நீரின் வெப்பநிலையைவிட அதிகமா? அதிகமென்றால் மூடுபனிக்கு வழி உண்டு. குறைவென்றால் எத்தனை ஈரமான காற்றானாலும் இந்த வழியில் மூடுபனி வராது.

உருவானதை ஊருக்குள் இழுத்துவருவது உள்நாட்டு வெயில். மலைகளுக்கு அப்பால் இருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கு ஜூலைப் பகலில் 38, 40 டிகிரிக்குக் கொதிக்கும். அங்கே காற்று லேசாகி அழுத்தம் குறையும். கடலோர மலைத்தொடரில் கடல் மட்டத்திலேயே இருக்கும் பெரிய இடைவெளி கோல்டன் கேட் நீரிணை. குளிர்ந்த கடற்காற்று அந்த வாசல் வழியாகப் பாய்ந்து உள்ளே போகும், மூடுபனியும் அதன் முதுகில் ஏறிக்கொண்டு வரும். நீங்கள் பிற்பகலில் பார்க்கும் காற்று இதுதான். பள்ளத்தாக்கு எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வேகமாக இழுக்கும்.

டெல்லியைப் போலவே இங்கேயும் ஒரு மூடி இருக்கிறது, ஆனால் அது செய்யப்பட்ட விதம் வேறு. உயர் அழுத்தத்தில் மேலிருந்து இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகி, சில நூறு மீட்டர் உயரத்தில் ஒரு வெப்பமான உலர்ந்த அடுக்காக நிற்கும். அதற்குக் கீழேதான் மூடுபனி. கோல்டன் கேட் பாலத்தின் கோபுர உச்சி 227 மீட்டர், வண்டி ஓடும் தளம் நீரிலிருந்து சுமார் 67 மீட்டர். அந்த மூடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு நாள் கோபுர உச்சிகள் மட்டும் வெளியே தெரியும், ஒரு நாள் தளத்தில் போகிறவருக்கு எதுவுமே தெரியாது, இன்னொரு நாள் தளம் தெளிவாக இருக்கக் கோபுரம் மேகத்துக்குள் மறைந்திருக்கும்.

இந்த இடத்தில் பாடப்புத்தக எல்லை கொஞ்சம் கலைகிறது. சான் பிரான்சிஸ்கோவில் மக்கள் மூடுபனி என்று சொல்வதில் பாதிக்கு மேல், தரையைத் தொடாத தாழ்மேகம். விமான நிலையத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது 250 மீட்டர் உயரத்து மேகம், ட்வின் பீக்ஸ் குன்றில் நிற்பவருக்கு மூடுபனி. காற்று பலமாக இருந்தால் கலக்கம் கூடி மூடுபனி தரையைவிட்டு எழும்பித் தாழ்மேகமாகிவிடும், அடங்கினால் மறுபடி இறங்கும். அதோடு, உருவான பிறகு இதன் மேற்பரப்பும் டெல்லி மூடுபனியைப் போலவே வெப்பத்தை விண்ணுக்கு விட்டுக் குளிர்கிறது. கடலோரத்தில் மூடுபனி இரவில் பரவி, பகலில் கொஞ்சம் பின்வாங்குவது இதனாலும்தான். ஆக, பெயர் தொடங்கிவைத்த காரணத்தைச் சொல்கிறதே தவிர, கடைசிவரை அந்த ஒரு காரணம் மட்டுமே வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரில் பார்க்க ஒன்று சொல்கிறேன். மூடுபனி ஓடும் பிற்பகலில் கோல்டன் கேட் பூங்காவின் மேற்குப் பக்கம் உயரமான மரங்களுக்கு அடியில் போய் நில்லுங்கள். மழை பெய்யாமலே மரத்தடி நனைந்திருக்கும், இரண்டடி தள்ளிப் பாதை காய்ந்திருக்கும். காற்று தள்ளிவரும் துளிகளை இலைகள் வடிகட்டிச் சொட்ட வைக்கின்றன. டெல்லியில் இலை நனைவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம்: இலையே குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. நனைந்த இலையைப் பார்த்தே வகையை ஊகிக்கலாம். காற்று வரும் பக்கம் மட்டும் அதிகம் நனைந்திருந்தால் அது நகர்ந்து வந்த மூடுபனி.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. டெல்லி வகையைப் பார்க்கத் திரும்பிப் போக வேண்டியதில்லை. நான் சொன்ன அதே மத்தியப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் வருவது சுத்தமான கதிர்வீச்சு மூடுபனி. அங்கே வளரும் ஒருவகைக் கோரைப்புல்லின் பெயரால் அதை 'டூலி ஃபாக்' என்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்து, உயர் அழுத்தம் வந்து, வானம் தெளிந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரையான இரவுகளில் வரும். மேற்கே கடலோர மலைகள், கிழக்கே சியரா நெவாடா என்று இரண்டு பக்கமும் அடைத்திருப்பதால் குளிர்காற்று கிண்ணத்தில் தேங்கியது போல நிற்கும், நாட்கணக்கில்கூட விலகாது. 2007 நவம்பரில் ஃப்ரெஸ்னோ அருகே நெடுஞ்சாலை 99-இல் நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதியது இந்த மூடுபனிக்குள்தான். சாலையில் கதிர்வீச்சு மூடுபனியின் ஆபத்து அது திட்டுத்திட்டாக இருப்பது. தாழ்வான வயல் ஓரத்தில் சட்டென்று சுவர் போல வரும், மேட்டில் ஏறினால் ஒன்றுமே இருக்காது. அதனால்தான் வேகத்தைக் குறைக்க மனம் வருவதில்லை.

நம் சென்னைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடற்கரை ஊராயிற்றே, ஏன் கடலிலிருந்து மூடுபனி உருண்டு வருவதில்லை? ஜனவரியிலும் வங்கக் கடல் நீர் 26 டிகிரி அளவில் இருக்கும். வரும் காற்றின் பனிப்புள்ளி அதைவிடக் குறைவு. ஆகவே அட்வெக்ஷன் வகைக்கு வழியே இல்லை. தை மாத அதிகாலையில் சென்னையில் வருவது கதிர்வீச்சு வகை. பகலில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து தருகிறது, இரவில் அது அடங்கி, வானம் தெளிந்து, தரை குளிர்கிறது. போகி அன்று எரிக்கும் புகையும் அந்த மூடிக்குக் கீழே மாட்டிக்கொள்வதால்தான் சில ஆண்டுகள் விமானங்கள் தாமதமாகின்றன. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பிற்பகலில் சாலையை மறைப்பது பெரும்பாலும் இரண்டு வகையும் அல்ல, மலைச்சரிவில் ஏறிவரும் மேகம்.

கடைசியாக, எப்போது கலையும் என்று கணிக்க நீங்கள் டெல்லியில் பழகிய வழி இங்கே பலிக்காது. டெல்லியில் கேட்க வேண்டியது, வெயில் எப்போது தரையைத் தொடும், மேகம் வருமா, காற்று கிளம்புமா என்பது. சான் பிரான்சிஸ்கோவில் நகரத்தின் கிழக்குப் பாதி பதினொரு மணிக்கு வெயிலில் நனையும்போது, மேற்குக் கரையில் இருக்கும் ஓஷன் பீச் பக்கம் நாள் முழுக்கச் சூரியனே தெரியாமல் போகலாம். அங்கே மூடுபனியை வெயில் எவ்வளவு அரித்தாலும் கடல் புதிது புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அது நிற்க வேண்டுமென்றால் காற்று திசை மாற வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் வடமேற்குக் காற்று தளர்ந்து, சில நாட்கள் உள்நாட்டிலிருந்து உலர்காற்று கடலை நோக்கி வீசும். உங்கள் ஊருக்கு உண்மையான கோடை அப்போதுதான் வரும். விமான நிலையத்தின் KSFO அறிக்கையில் காற்றுத் திசை 280, 290 என்று மேற்கிலிருந்து இருந்தது, 050, 060 என்று வடகிழக்குக்கு மாறி, பனிப்புள்ளி வெப்பநிலையைவிட்டு விலகுவதைப் பார்த்தால், அன்றைக்குக் குடும்பத்தோடு ஓஷன் பீச்சுக்குக் கிளம்பலாம்.